“எங்களுக்கே வீடு வேண்டும்” என்று வீட்டுக்காரர் சொன்னால்: நோட்டீஸ் காலமும் உண்மைத் தேவையும்

பாளையங்கோட்டையிலும் பெருமாள்புரத்திலும் வாடகைக்கு இருப்பவர்களுக்கு மார்ச், ஏப்ரல் மாதங்களில் வரும் வக்கீல் நோட்டீசுகளில் ஒரு வரி அடிக்கடி இருக்கும்: “என் கட்சிக்காரர் மேற்படி வீட்டில் தானே குடியிருக்க உத்தேசித்துள்ளதால், இந்த அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் காலி செய்து ஒப்படைக்கவும்.” படித்ததும் இரண்டு விதமான தவறான முடிவுக்கு வருகிறார்கள். 16-ஆம் நாள் சாமானைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். “கோர்ட்டுக்குப் போனால் பத்து வருஷம் இழுக்கும், கவலையே இல்லை” என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டுமே உண்மையில்லை.

எங்கள் வீட்டில் நாங்கள் குடியிருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்பது நியாயமான கோரிக்கை. சட்டமும் அதை ஏற்கிறது. அந்தக் கோரிக்கை உண்மையானதா, வேறு எதையோ மறைக்கும் சாக்கா என்பதில்தான் வழக்கே நிற்கும். அதைப் புரிந்துகொள்ள, வீடு எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வீடு நிற்கும் இடமே சட்டத்தைத் தீர்மானிக்கிறது

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. ஆர்.சி.ஓ.பி. என்று நீதிமன்றங்களில் புழங்கிய வழக்குகள் எல்லாம் அதன்கீழ் வந்தவை. அதன் இடத்தில் 2017-இல் இயற்றப்பட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் என்பது அதன் பெயரின் சாரம். இதன்கீழ் வரும் வழக்குகளை ஆர்.எல்.டி.ஓ.பி. என்கிறார்கள்.

புதுச் சட்டம் நகர்ப்புறத்துக்கானது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் உள்ள கட்டடங்களுக்கு அது பொருந்தும். ஆகவே மகராஜநகர், நெல்லை டவுண், மேலப்பாளையம், தச்சநல்லூர் வீடுகளும், அம்பாசமுத்திரம் நகராட்சிக்குள் உள்ள வீடுகளும் இதில் அடங்கும். மாநகராட்சி எல்லையைத் தாண்டி, ஊராட்சிக்குள் புதிதாக எழும்பியிருக்கும் நகர்களில் உள்ள வீடு அடங்காது. அங்கே 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம்தான் பேசும். வழக்கு சாதாரண உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும். வீட்டு வரி ரசீதை யார் தருகிறார்கள் என்று பார்த்தாலே எந்தச் சட்டம் என்பது தெரிந்துவிடும். கோயில் சொத்து, வக்ஃபு சொத்து என்றால் இரண்டும் இல்லாமல் தனி நடைமுறை உண்டு.

ஒரே குடும்பத்துக்குப் பாளையில் ஒரு வீடும், ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி ஊராட்சியில் ஒரு வீடும் இருந்தால், இரண்டு வாடகைதாரர்களுக்கும் கிடைக்கும் பாதுகாப்பு வெவ்வேறு. வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி:

1. நகர்ப்புறத்தில் காரணம் இல்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது சட்டத்தில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றையாவது வாடகை நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் வெளியேற்ற உத்தரவு கிடைக்கும். தானோ தன் குடும்பத்தாரோ குடியிருக்கத் தேவை என்பது அந்தக் காரணங்களில் ஒன்று.

2. ஊராட்சிப் பகுதியில் மாத வாடகை என்றால் காரணமே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குடித்தனத்தை முடித்துக்கொள்வதாக முறையான எழுத்து அறிவிப்பு கொடுத்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் வழக்கு நிற்காது.

நகரத்தில் எடை முழுக்கக் காரணத்தின் மேல் விழுகிறது, கிராமத்தில் நோட்டீசின் மேல் விழுகிறது. ஊரில் புழங்கும் குழப்பத்தில் பெரும்பகுதி, ஒன்றின் விதியை எடுத்து மற்றதில் பொருத்துவதால் வருவது.

அந்த 15 நாள் எங்கிருந்து வருகிறது?

சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவிலிருந்து. மாத வாடகைக் குடித்தனத்தை எந்தத் தரப்பும் 15 நாள் அறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்கிறது அது. அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும். நாள் கணக்கு நோட்டீசில் போட்ட தேதியிலிருந்து ஓடாது. கையில் கிடைத்த தேதியிலிருந்துதான் ஓடும். வீட்டில் உள்ளவர்களிடம் கொடுக்கலாம், அஞ்சலில் அனுப்பலாம், வழியே இல்லையென்றால் வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம்.

முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாதபோதுதான் இந்த 15 நாள். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு மாதம் என்று எழுதியிருந்தால் இரண்டு மாதம்தான். பத்திரத்தில் மூன்றாவது பக்கத்தில், யாரும் படிக்காத இடத்தில், “இரு தரப்பாரும் இரண்டு மாத முன்னறிவிப்பின் பேரில்” என்று ஒரு வரி இருக்கும். நோட்டீஸ் வந்ததும் முதலில் தேட வேண்டியது அந்த வரியைத்தான்.

நோட்டீசை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்ற யோசனை பலிக்காது. சரியான முகவரிக்கு முறையாக அனுப்பிய தபால் “பெறப்படவில்லை” என்று திரும்பினாலும், கொடுக்கப்பட்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். வாங்கிப் படித்துப் பதில் போடுவதே குடியிருப்பவருக்கு நல்லது. பதில் போடாத மௌனம் பின்னால் அவருக்கு எதிராகவே படிக்கப்படும்.

நகர்ப்புற வீடுகளில் இந்த 106-ஆம் பிரிவு நோட்டீஸ் கட்டாயமா? 1979-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் இதற்குப் பதில் சொன்னார்கள். மாநில வாடகைச் சட்டத்தின்கீழ் குறிப்பிட்ட காரணத்தைக் காட்டித்தான் வெளியேற்ற முடியும் என்றாகிவிட்ட பிறகு, அதற்கு முன்னால் 106-ஆம் பிரிவின்படி குடித்தனத்தை முடித்துவைக்கும் நோட்டீஸ் தேவையில்லை என்பது அந்தத் தீர்ப்பு. அது பழைய சட்டத்தை வைத்து வந்தது. இன்றைக்கும் நெல்லை வக்கீல்கள் நோட்டீஸ் அனுப்பாமல் வழக்குப் போடுவது அரிது. வீட்டுக்காரர் தன் தேவையை முதன்முதலாகத் தேதியோடு எழுத்தில் வைக்கும் இடம் அதுதான். அதில் எழுதியது ஒன்றும் மனுவில் எழுதியது வேறொன்றுமாக இருந்தால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அங்கிருந்தே பிறக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு வேறு கணக்குகளை நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். கனடாவின் ஒண்டாரியோவில் சொந்தக் குடியிருப்புக்குக் குறைந்தது 60 நாள் அறிவிப்பு உண்டு; குறைந்தது ஓராண்டு குடியிருக்கும் எண்ணமும் இருக்க வேண்டும். ஜெர்மனியில் எத்தனை ஆண்டு இருந்தார் என்பதைப் பொறுத்து மூன்று, ஆறு, ஒன்பது மாதம் என்று காலம் கூடும். அவை அந்தந்த நாட்டு ஏற்பாடுகள். இங்கே அவற்றைக் காட்டி எதுவும் கேட்க முடியாது.

உண்மைத் தேவை என்றால் என்ன?

வக்கீல்கள் “போனஃபைடு” என்று சொல்வது இதைத்தான். ஆசை வேறு, தேவை வேறு. ஆனால் உயிர் போகிற தேவையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1999-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்தது. வெறும் சாக்காக இல்லாமல், நேர்மையான, உள்ளபடியான விருப்பமாக இருக்க வேண்டும் என்றது. நீதிபதி தன்னை வீட்டுக்காரரின் இடத்தில் வைத்துப் பார்த்து, இந்த நிலையில் இவர் இந்த வீட்டைக் கேட்பது இயல்புதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதிலிருந்து வரும் ஒரு விளைவு குடியிருப்பவர்களுக்குக் கசக்கும். தன் தேவை எது, தனக்கு எந்த வீடு வசதி என்பதை வீட்டுக்காரரே தீர்மானிக்கலாம். “உங்களுக்குத்தான் டவுணில் இன்னொரு வீடு இருக்கிறதே, அங்கே போய் இருங்கள்” என்று குடியிருப்பவர் திட்டம் போட்டுத் தர முடியாது. ஆனால் அந்த இன்னொரு வீடு காலியாக இருந்தால், அது ஏன் பொருந்தாது என்று வீட்டுக்காரர் விளக்கியாக வேண்டும். அதை மறைத்துவிட்டு மனுப் போட்டவரின் வழக்கு, அது வெளியே வந்த நாளிலேயே பாதி தோற்றுவிடும். எனக்குத் தெரிந்தவரை, இன்னொரு வீடு இருப்பதால் தோற்ற வழக்கைவிட அதை மறைத்ததால் தோற்ற வழக்கே அதிகம்.

தேவை வீட்டுக்காரருக்கு மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகும் மகனுக்கு, வயதான தாய்க்கு என்று குடும்பத்தாரின் தேவையும் கணக்கில் வரும். அதே கட்டடத்தின் ஒரு பகுதியில் குடியிருந்துகொண்டு, இடம் போதவில்லை, மாடியும் வேண்டும் என்று கேட்பது தனி வகை. பழைய சட்டத்தில் அந்த வகைக்கு மட்டும், வெளியேறுபவருக்கு வரும் கஷ்டம் வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் வசதியைவிடப் பெரிதா என்று எடை போட வேண்டும் என்றிருந்தது. முழு வீட்டையும் தன் குடியிருப்புக்குக் கேட்பவரிடம் அந்த எடை போடப்படவில்லை. பிள்ளை பத்தாம் வகுப்பு என்பது மனிதருக்கு மனிதர் பேசும் இடத்தில் பெரிய காரணம். தேவை உண்மை என்று முடிவான பிறகு, அது வழக்கையே தோற்கடிக்கும் காரணமாக இருக்காது. அவகாசம் கேட்கத்தான் உதவும்.

ஒரு வழக்கைப் பிரித்துப் பார்த்தால்

உதாரணமாக மகராஜநகரில் ஒரு தரைத்தள வீட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் மும்பையில் வேலை பார்க்கிறார், ஏப்ரல் 30-இல் ஓய்வு. ஏழு வருடமாக ஒரு குடும்பம் குடியிருக்கிறது. வாடகை 11,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000. ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறது, மே 31 வரை செல்லும், இரண்டு மாத முன்னறிவிப்பு என்று எழுதியிருக்கிறது. டவுணில் அவருக்கு மாடி வீடு ஒன்றும் உண்டு. அது காலியாகத்தான் கிடக்கிறது.

ஜனவரியில் போன் பேச்சு நடக்கிறது. “அண்ணாச்சி, வாடகையைப் பதினாலாயிரமாக்கித் தாங்க. சுத்துவட்டாரத்துல எல்லாரும் அதான் வாங்குதாங்க.” குடியிருப்பவர் முடியாது என்கிறார். “பன்னிரண்டு வரைக்கும் பாக்கேன் அண்ணாச்சி, அதுக்கு மேல தாங்காது.” பேச்சு அத்தோடு நிற்கிறது. மார்ச் 10 தேதியிட்டு நோட்டீஸ் வருகிறது, 14-ஆம் தேதி கையில் கிடைக்கிறது: ஓய்வுபெற்று ஊர் திரும்புவதால் சொந்தக் குடியிருப்புக்கு வீடு தேவை, மே 31-க்குள் காலி செய்யவும்.

முதலில் காலக் கணக்கு. கிடைத்த மார்ச் 14-இலிருந்து இரண்டு மாதம் மே 14-இல் முடிகிறது. கேட்ட தேதி மே 31. ஒப்பந்தமும் அன்றுதான் முடிகிறது. நோட்டீசில் குறையில்லை. இதையே ஏப்ரல் 15-க்குள் காலி செய்யச் சொல்லியிருந்தால் ஒப்பந்தத்தை மீறியதாகும், நடப்பில் உள்ள காலத்துக்குள் கைவைத்ததாகவும் ஆகும்.

அடுத்து நேர்மை. வாடகை கூட்டிக் கேட்டார், கிடைக்கவில்லை, உடனே சொந்தத் தேவை முளைத்துவிட்டது என்று குடியிருப்பவர் வாதாடுவார். மேலோட்டமாக வலுவான வாதம். ஆனால் கூடுதல் வாடகை கேட்டது மட்டும் தேவையைப் பொய்யாக்காது. எது எதற்கு முன்னால் வந்தது என்பதைத்தான் பார்ப்பார்கள். ஓய்வு தேதியைச் சொல்லும் அலுவலகக் கடிதம் போன நவம்பரில் வந்திருக்கிறது. மனைவிக்கு மூட்டுவலி, படி ஏறக் கூடாது என்று எலும்பு மருத்துவர் எழுதிய சீட்டு டிசம்பரில் இருக்கிறது. டவுண் மாடி வீடு ஏன் ஆகாது என்பதற்கு அந்தச் சீட்டே பதில். இவை இரண்டும் தகராறுக்கு முன்பே தொடங்கிய காகிதங்கள், வழக்குக்காகச் செய்தவை அல்ல. இந்த நிலையில் வீட்டுக்காரர் பக்கமே தீர்ப்புப் போகும் என்பது என் கணிப்பு.

ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பார்ப்போம். நோட்டீஸ் அனுப்பிய பிறகு, ஏப்ரலில், “பதினாலாயிரம் தர்றதா இருந்தா இருந்துக்கிடுங்க, இல்லன்னா காலி பண்ணிருங்க” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வருகிறது. மூவாயிரம் ரூபாயில் தீரக்கூடிய தேவை குடியிருக்கும் தேவை அல்ல. ஓய்வுக் கடிதமும் மருத்துவச் சீட்டும் அப்படியே இருந்தாலும், அந்த ஒரு வரிக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. அதுபோலவே, வழக்கு நடக்கும்போது டவுண் மாடி வீட்டை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டால், ஏன் விட்டார் என்ற விளக்கம் மிகவும் உறுதியாக இருக்க வேண்டும். தேவையை முக்கியமாக மனுப் போட்ட நாளை வைத்துத்தான் எடை போடுவார்கள் என்றாலும், பிறகு நடப்பது அந்தத் தேவையையே இல்லாமல் ஆக்கிவிட்டால் அதையும் பார்ப்பார்கள்.

இடைப்பட்ட காலத்தில் செய்யக் கூடாதவை

நோட்டீஸ் காலம் முடிந்துவிட்டது, குடியிருப்பவர் போகவில்லை. மின்சாரத்தைத் துண்டிப்பது, மோட்டாரைப் போடாமல் இருப்பது, கதவுக்கு இரண்டாவது பூட்டு போடுவது என்று இறங்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. புதுச் சட்டம் அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்து உடனே மீட்டுக்கொள்ளலாம். தண்ணீரை நிறுத்தியவர் பிறகு நீதிமன்றத்தில் நின்று என் மனசு சுத்தம் என்றால் எடுபடாது. இது கொடுமை மட்டுமல்ல, தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொள்வதும்கூட.

குடியிருப்பவர் பக்கமும் ஒரு பெரிய தவறு நடக்கிறது. நோட்டீஸ் வந்த கோபத்தில் வாடகையை நிறுத்துகிறார்கள், அல்லது “அட்வான்சில் கழித்துக்கொள்ளட்டும்” என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு மாத வாடகை பாக்கி சேர்ந்து, கேட்டு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால், அதுவே வெளியேற்றத்துக்குத் தனிக் காரணம் ஆகிவிடும். அதன்பிறகு வீட்டுக்காரர் உண்மைத் தேவையை நிரூபிக்க வேண்டிய பாடே இல்லை. வாங்க மறுத்தால் மணியார்டரிலோ வங்கியிலோ அனுப்பிச் சான்றை வைத்துக்கொள்ள வேண்டும்; அப்போதும் மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி இருக்கிறது.

ஒத்தி வீடு என்றால் கதை வேறு

நம் பக்கத்தில் மொத்தமாக மூன்று லட்சம், ஐந்து லட்சம் கொடுத்து, வாடகை இல்லாமல் ஒத்திக்கு இருப்பவர்கள் நிறைய. பதிவு செய்த ஒத்திப் பத்திரம் இருந்தால் சட்டப்படி அது அடமானம். ஒத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மீட்டால்தான் வீடு கிடைக்கும். சொந்தக் குடியிருப்புத் தேவை, 15 நாள் நோட்டீஸ் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. வெறும் வெள்ளைத் தாளில் எழுதி ஒத்தி என்று பேர் வைத்திருந்தால், அது அடமானமா குடித்தனமா என்பதே முதல் தகராறாகிவிடும். அப்படிப்பட்ட தாளோடு இருப்பவர்கள் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.

வெளியேறிய பிறகு

மனதை அதிகம் உறுத்துவது இதுதான்: தார்சாவில் கிடந்த கடைசிச் சாமானையும் ஏற்றிக்கொண்டு போன பிறகு, மூன்றாம் மாதம் அதே வாசலில் “வீடு வாடகைக்கு” போர்டு தொங்குவது. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு நேரடி மருந்து இருந்தது. உத்தரவு வாங்கி வீட்டைப் பெற்றவர் ஒரு மாதத்துக்குள் குடிவராவிட்டாலோ, குடிவந்து நியாயமான காரணமின்றி ஆறு மாதத்துக்குள் போய்விட்டாலோ, வெளியேற்றப்பட்டவர் திரும்பவும் வீட்டைக் கேட்கலாம். அப்போதும் அந்த வசதி நீதிமன்ற உத்தரவால் வெளியேறியவருக்குத்தான். பேசி முடித்துக்கொண்டு தானாகப் போனவருக்கு இல்லை.

பெரும்பாலான குடும்பங்கள் வழக்குக்குப் போவதில்லை, பேசித்தான் போகிறார்கள். அதனால் பேசி முடிப்பதை எழுத்தில் முடிப்பது அவசியம். அந்தத் தாளில் இவை இருக்கட்டும்:

1. காலி செய்வதற்கான காரணம், வீட்டுக்காரரின் சொந்தக் குடியிருப்பு என்று தெளிவாக, யார் குடிவரப் போகிறார்கள் என்பதோடு.

2. காலி செய்யும் தேதி. ஜூலை நடுவில் விழுந்தால் ஆடி. வீடு மாற யாரும் ஒப்ப மாட்டார்கள், புது வீட்டில் பால் காய்ச்சவும் மாட்டார்கள். சட்டம் ஆடியைக் கணக்கில் கொள்ளாது, ஆனால் ஆவணி முதல் வாரம் என்று போட இரு தரப்பும் சம்மதித்தால் அதைவிட நிம்மதியான தேதி கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் மே கடைசி.

3. அட்வான்சில் எவ்வளவு பிடித்தம், மீதி என்றைக்கு. சாவி கைமாறும் நேரத்திலேயே என்று இருப்பது நல்லது.

4. ஓராண்டுக்குள் வீட்டை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டால், வண்டிச் செலவையும் புது வீட்டுத் தரகையும் வீட்டுக்காரர் தர வேண்டும் என்ற ஒப்புதல். தொகையைப் போட்டே எழுதலாம்.

நான்காவது வரியைக் காட்டியதும் வீட்டுக்காரர் தயங்காமல் கையெழுத்துப் போட்டால், நோட்டீசில் சொன்னது உண்மைதான் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் குடியிருப்பவருக்குக் கிடைக்காது. அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடச் சொன்னால், ஏன் என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும்.